நிழல் என்று எடுத்தவன்

ஓடைப்பட்டி
12-1-2024

முத்துவீரனுக்கு,

அண்ணன் என்று எழுத வந்த கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பதினைந்து வருஷம் அப்படிக் கூப்பிட்ட வாயில் இன்று புழுத்த வார்த்தைதான் வருகிறது. நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாக இருந்தால் எனக்கு வயிறு எரியும்.

சின்னண்ணன் ஈஸ்வரபாண்டி செத்து நேற்றோடு ஐம்பத்து மூன்று நாள். தோளில் ஒன்று, கழுத்தோரம் ஒன்று, இரண்டு வெட்டு. பிரேதத்தைக் குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். பெண்பிள்ளை பார்க்கக் கூடாது என்றார்கள். பார்த்தேன். கழுத்து வெட்டுக்குள் என் சுண்டுவிரல் போகும்.

நான் எழுதுவது அதற்காக இல்லை. நீயும் அவனும் வீரபாண்டிக் கோயில் கௌமாரி மேல் பாட ஆரம்பித்த பதிற்றந்தாதி ஆறு பாட்டோடு நிற்கிறது. ஒற்றைப்படைப் பாட்டு உன்னுடையது, இரட்டைப்படை அவனுடையது. பத்து வெண்பா. ஒருவன் விட்ட சொல்லில் மற்றவன் எடுக்க வேண்டும். பத்தாவது பாட்டு, முதல் பாட்டு தொடங்கிய சொல்லிலேயே போய் முடிய வேண்டும். "தாயே" என்று தொடங்கியவன் நீ. வெண்பாவில் அந்தாதி எடுப்பவன் முதல் சொல்லை யோசித்து வைக்க வேண்டும், கடைசிப் பாட்டின் கடைசிச் சீரில் அது உட்காருமா என்று பார்க்க வேண்டும், 'தாய்' உட்காரும், நாள் வாய்பாடு என்று நீ எங்கள் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டு பெருமையடித்தாய். அதே கைதான் அவனையும் வெட்டியது.

சித்திரைத் திருவிழாவில் சன்னதி முன்னால் படிப்பதாக அவன் நேர்ந்துகொண்டிருந்தான். சின்னமனூரில் என் டிடிபி கடையில் ஆறு பாட்டும் அச்சுக்கோத்து வைத்திருக்கிறேன். ஏழாவது உன் முறை. எட்டும் பத்தும் அவனுக்குப் பதில் நான் எழுதுவேன். யாப்பு எனக்கும் தெரியும். நீங்கள் இருவரும் சண்டை போட்டதை எல்லாம் தட்டச்சு செய்தவள் நான்தானே.

அவனுடைய ஆறாவது பாட்டின் கடைசி இரண்டு அடி இது. செத்த அன்று மத்தியானம் எழுதியது.

வெயில்தின்ற மேனிக்கு வேம்பாகி நின்றாய்
குயில்கூவும் கொம்பாகும் நெஞ்சம்.

நெஞ்சம் என்று எடுத்து எழுது. பிறகு நீ என்ன ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. பெரியண்ணன் விஜய்பாண்டி உன் மார்ச் பதினைந்து வாய்தாவைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். எதற்கென்று உனக்கே தெரியும். வட்டம் போட்ட சிவப்புப் பேனாவை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

யுவராணி


சிறையிலிருந்து
27-1-2024

யுவராணிக்கு,

கடிதம் வந்தது. தாள் கேட்டு வாங்க நாலு நாள் ஆனது. உன் சித்தப்பா வகையறாப் பையன் ஒருவன் இதே பிளாக்கில் இருக்கிறான். சோற்றுத் தட்டால் அடித்ததில் இடது காது சரியாகக் கேட்கவில்லை. அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

போலீசிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். தண்ணீர் முறைத் தகராறு. வால்வை மூடியது ஈஸ்வரபாண்டி. பின்னால் போனேன், ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு வெட்டு, ஓடினேன். மறுபடி மறுபடி கேட்காதே.

ஏழாவது பாட்டு:

நிழலுக்கும் நின்பேரே நீள்கின்ற போதில்
அழலுக்கேன் அஞ்சினேன் அம்மா - விழலாகக்
கொத்தோடு சாய்ந்த கொடியொன்றைத் தாங்காமல்
பித்தாகிப் போனதென் கை.

கை என்று எடு. வாய்தா அன்று வண்டியை விட்டு நான்தான் முதலில் இறங்குவேன். விஜய்பாண்டியிடம் சொல்லு, நான் ஒதுங்க மாட்டேன்.

முத்துவீரன்


ஓடைப்பட்டி
5-2-2024

முத்துவீரா,

கொலைகாரனுக்கு அந்தாதியும் மறந்து போகுமா? நெஞ்சம் என்று முடிந்த பாட்டுக்கு நிழல் என்று எடுத்திருக்கிறாய். கோத்த கண்ணியை அறுத்தால் அது அந்தாதியா? எங்கோ கிடந்த பழைய வெண்பாவைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருக்கிறாய். செத்தவன் விட்ட கடைசிச் சொல்லைக்கூட மதிக்க முடியவில்லை உனக்கு.

அருவாளைப் பெரியண்ணன் சாணை பிடித்துக் கொண்டு வந்து என் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறான். போலீஸ் வந்தால் பெண்பிள்ளை பானையைக் கிளற மாட்டார்களாம். நான் தினமும் அதன் பக்கத்தில் கையை விட்டுத்தான் அரிசி அள்ளுகிறேன். இன்று அள்ளும்போது சந்தோஷமாக இருந்தது.

யுவராணி


ஓடைப்பட்டி
8-2-2024

முத்துவீரனுக்கு,

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, அவன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நெஞ்சம்' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டிருக்கிறான். பிடிக்காத சீருக்கு அவன் போடும் வட்டம்.

வாய்விட்டு அலகிட்டேன். நெஞ், சம். நேர் நேர். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலில் ஒன்றாகத்தான் முடியலாம். நெஞ்சம் அதில் எதுவும் இல்லை, முழுத் தேமா. ஆத்திரத்தில் எனக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை. அப்புறம் உன் சொல்லை அங்கே வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் கொம்பாகும் நிற்கவில்லை, நோட்டு ஓரத்தில் அவன் கிறுக்கி வைத்திருந்த 'பந்தல்' நின்றது.

குயில்கூவும் பந்தல் நிழல்.

குயில்கூவும் காய்ச்சீர், அடுத்துப் பந்தல் நேரில் தொடங்குகிறது. பந்தல் மாச்சீர், அடுத்து நிழல் நிரையில் தொடங்குகிறது. நிழல் மலர் வாய்பாட்டில் முடிகிறது. பூட்டுக்குச் சாவி மாதிரி விழுந்தது. இது உன் நடை இல்லை. நீ குயிலைக் கூவ விட மாட்டாய். இது என் அண்ணன் கை.

அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். அதில் நெஞ்சம்தான். பிறகு அதில் யாரோடும் பேசாமல், மூன்று மணிக்கு போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வெறுங்கையோடு தோட்டத்துக்குப் போனான். நோட்டும் வீட்டில்தான் கிடந்தது. ஐந்தரைக்கு அவன் பிணம். அப்படியானால் நிழல் என்று மாற்றியதை மூன்றுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் அவன் வாயால்தான் நீ கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலிருந்து வெட்டியவனுக்கு, வெட்டுப்பட்டவன் எப்படி வெண்பாவைத் திருத்திச் சொன்னான்?

இந்தா எட்டாவது.

கையென்று சொன்னாயே கத்திக்கும் கையுண்டோ
மெய்யென்று நான்நம்ப மாட்டேனே - பொய்யென்று
மண்மீது சிந்திய செங்குருதி சொல்லுதே
கண்முன்னே யாரிட்ட வெட்டு.

கைக்கும் மெய்க்கும் எதுகை கொஞ்சம் இழுவைதான், பொறுத்துக்கொள். அருவாள் என்றே முடிக்கத்தான் ஆசை. அதுவும் கடைசிச் சீரில் உட்காராது. அதனால் வெட்டு, காசு வாய்பாடு. ஒன்பதாவது உன்னுடையது. வெட்டு என்று தொடங்கியே தீர வேண்டும். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு கௌமாரி முன்னால் பொய் பாட முடியுமானால் பாடு, பார்க்கிறேன்.

யுவராணி


சிறையிலிருந்து
20-2-2024

யுவராணி,

இந்த அந்தாதி போதும். எட்டோடு நிற்கட்டும். இனி எழுதாதே.

முத்துவீரன்


ஓடைப்பட்டி
28-2-2024

முத்துவீரா,

எட்டோடு நிற்பதற்கு இது என்ன பஸ்ஸா? எடுத்தவன் நீ, பாதியில் இறங்கிப் போக விட மாட்டேன்.

உன் தம்பி ராஜபாண்டியை ஞாயிற்றுக்கிழமை கம்பம் சந்தையில் பார்த்தேன். மூன்று மாசமாக எஸ்டேட்டில் ஏலக்காய்க் காவல் என்று சொல்லிக்கொண்டு ஊர்ப்பக்கமே வராதவன். என்னைக் கண்டதும் வாழைத்தார்களுக்குப் பின்னால் ஒதுங்கினான். நான் விடவில்லை. எதிரே போய் நின்று, உன் அண்ணனைப் பார்க்கப் போனாயா என்று கேட்டேன். போகவில்லை என்றான். ஏன் என்றதற்கு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னய வரக் கூடாதுன்னு சொல்லிட்டாக" என்றான். அவன் போட்டிருந்தது நீல நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. போன தீபாவளிக்குச் சின்னண்ணன் உனக்கு எடுத்துக் கொடுத்த சட்டை. பில் பணம் கட்டியது நான்தான்.

அன்று சாயங்காலம் நீ ஸ்டேஷனில் போய் நின்றபோது வெறும் பனியனோடு நின்றதாக எப்.ஐ.ஆரில் இருக்கிறது. வக்கீல் ஞானசெல்வி அக்கா படித்துக் காட்டினார்கள்.

பதினைந்தாம் தேதி பெரியண்ணன் தேனி கோர்ட்டுக்குப் போகப் போகிறான். தப்பான ஆளை வெட்டி அவனும் ஜெயிலுக்குப் போனால் என் வீட்டில் மிச்சம் யார்? இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. வெட்டு என்று எடு.

யுவராணி


சிறையிலிருந்து
7-3-2024

தங்கச்சி யுவராணிக்கு,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதத்துக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இங்கிருந்து போகும் கடிதத்தை அதிகாரி படித்து முத்திரை குத்தித்தான் அனுப்புவார். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். நாலு தரம் வெட்டு என்று எழுதி அடுத்த சீருக்குப் போனேன். நாலு தரமும் பொய் தளை தட்டியது. சாதாரணப் பேச்சில் நான் சொன்ன பொய் பாட்டில் நிற்க மாட்டேன் என்கிறது.

அன்று நாலு மணிக்கு நம் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் மோட்டார் ரூம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். நெஞ்சம் என்று அவன் சொன்னதும் நான் சிரித்தேன். கடைசிச் சீர் இடிக்குது மாப்ள என்றேன். தெரியும்லே, வட்டம் போட்டுத்தான் வச்சிருக்கேன் என்றான். யோசித்துக்கொண்டே கவாத்துக் கத்திரியால் காய்ந்த கொடியை நறுக்கிக்கொண்டிருந்தான்.

ராஜபாண்டி வந்தான். அவன் முறைத் தண்ணீர் வரவில்லை. வால்வை மூடியது ஈஸ்வரபாண்டி இல்லை, நான். பேச்சு சுவாரஸ்யத்தில் திறக்க மறந்துவிட்டேன். நான்தான் மூடினேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துவிட்டார்கள். ஈஸ்வரபாண்டி அவனைத் தள்ளினான். ராஜபாண்டி கல்தூணில் தலை மோதி எழுந்தான். எழும்போது வாழைத்தார் வெட்டுகிற அருவாள் கையில் இருந்தது. முதல் வெட்டு தோளில். எலும்பில் மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் பிடுங்கி இரண்டாவது போட்டான். திராட்சைக் கொத்துகளோடு ஒரு கொடியை இழுத்துக்கொண்டு ஈஸ்வரபாண்டி விழுந்தான்.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். துண்டைக் கழுத்தில் வைத்து அழுத்தினேன். விரல் இடுக்கில் கொதிக்கக் கொதிக்க வந்தது. அப்போது அவன் மேலே பந்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஏலே, பந்தல் நிழல்னு போட்டுக்க. அங்கன இருந்து எடு."

இதுதான் அவன் சொன்னது. இதற்கு மேல் வருவதைச் சாமியிடம்கூட நான் சொல்லவில்லை.

ராஜபாண்டி கல்லாக நின்றான். அவன் பெண்டாட்டி நிறைமாசம். நான் துண்டை எடுத்துவிட்டு எழுந்தேன். தங்கச்சி, எடுத்துவிட்டு எழுந்தேன். அவனைச் சொட்டுநீர்த் தொட்டியில் கை கால் கழுவ வைத்தேன். ரத்தச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பந்தல் கம்பியில் போட்டிருந்த என் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டேன். அவன் வந்திருந்த ஜீப்பின் சாவியை அவனால் துவாரத்தில் போட முடியவில்லை. நான் ஸ்டார்ட் பண்ணி, ரோடு வரை ஓட்டிப்போய் விட்டு, கம்பமெட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் போ, நான் கூப்பிடாமல் வராதே என்றேன். நடந்து திரும்பினேன். இருபது நிமிஷம். ஈஸ்வரபாண்டிக்குக் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை.

அந்த ஜீப்பில் அவனைத் தூக்கிப் போட்டிருந்தால் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். யாரைக் காப்பாற்றுவது என்று எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. கூடப் பிறந்தவனை எடுத்தேன். அதனால் நான் கொன்றேன் என்று சொன்னது முழுப்பொய் இல்லை.

வெட்டுண்ட தோளை மடியேந்தி வைத்திருந்தேன்
கொட்டுகின்ற ரத்தம் குளிரும்முன் - விட்டோடித்
தம்பிக்காய் ஜீப்பைத் தடத்திலே ஏற்றினேன்
நம்பிக்கை கொன்றவன் நான்.

நான் என்று எடுத்து நீ முடி. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி. பெரியண்ணன் என்னை வெட்டினால் ஒரு கடன் தீரும். ராஜபாண்டியை வெட்டினால் அவன் மகள் இருக்கிறாள், பிறந்து மூன்று மாசம். எது என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தகுதி இல்லை.

முத்துவீரன்


ஓடைப்பட்டி
2-5-2024

முத்துவீரனுக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும்.

உன் கடிதம் மார்ச் பதின்மூன்றாம் தேதி வந்தது. முதலில் படித்ததும் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அருவாளை எடுத்தேன். நானே தேனிக்குப் போய் உன்னை வெட்டத்தான். இருபது நிமிஷம் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சேலைக்குள் சுருட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். அதன் கனம் எனக்குத் தாங்கவில்லை. தெருவில் இறங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கடிதத்தை ஞானசெல்வி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறை முத்திரை இருந்தது வசதியாகப் போனது. போலீஸ் ஜீப் அன்றே கம்பமெட்டு ஏறியது. ராஜபாண்டி ஓடவில்லையாம், குழந்தையைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு வந்தானாம்.

மறுநாள் காலையில் பெரியண்ணனிடம் நானே சொன்னேன். எனக்கு முன்னாலேயே போலீசிடம் சொல்லிட்டியா என்று மோட்டார் பெல்ட்டால் அடித்தான். தடுத்த வலது மணிக்கட்டு உடைந்தது. அவன் கையைக் கடித்துத் தொங்கினேன், பல்லில் ரத்தம். அருவாளைப் பிடுங்கிக்கொண்டு மெட்டுக்குப் போய், அங்கே ஆள் இல்லாமல் திரும்பி வந்தான். வந்தவன் நேரே நம் இரண்டு தோட்டத்துக்கும் நடுப் பந்தலுக்குப் போய் அடிக்கொடியை வெட்ட ஆரம்பித்தான். அறுபது கொடி. ஒவ்வொன்றுக்கும் சின்னண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லி வெட்டினான். யாரும் கிட்டப் போகவில்லை. அறுபதாவது வெட்டி முடிந்ததும் உட்கார்ந்து அழுதான். வெட்டிய கொடியிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. பதினைந்தாம் தேதி அவன் தேனிக்குப் போகவில்லை. இப்போதும் என்னோடு பேசுவதில்லை. கட்டுப் போட்ட கைக்குச் சோறு மட்டும் பிசைந்து தட்டில் வைத்துவிட்டுப் போகிறான்.

உன்னை மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

பத்தாவது பாட்டு இது.

நானெடுக்க மாட்டேனே நஞ்சுண்ட வாளினை
வானிடிந்து வீழ்ந்தாலும் வாய்திறப்பேன் - மானமே
போயினும் மற்றோர் பிணமினிமேல் வேண்டேனே
நீயிதற்குச் சாட்சிசொல்லும் தாய்.

அடுத்த வாரம் திருவிழா. அச்சுக்கு அனுப்பும் முன்னால் ஒரு காரியம் செய்தேன். உன் பாட்டு ஐந்தையும் அழித்துவிட்டு அண்ணன் பாட்டும் என் பாட்டும் மட்டும் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அவன் பாட்டு ஒவ்வொன்றும் நீ விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறது. உன்னை எடுத்தால் அவன் விழுகிறான். நான் 'கை' என்று எடுத்ததும் 'நான்' என்று எடுத்ததும் உன்னுடைய சொற்கள். ஒரு நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்தையும் திரும்பப் போட்டேன். உன் பேரையும் போட்டிருக்கிறேன், அவன் பேருக்குப் பக்கத்தில். ஆறாவது பாட்டில் பந்தல் நிழல்தான்.

உன்மேல் கொலை வழக்கு நிற்காது, மறைத்ததற்குத் தண்டனை உண்டு, சில வருஷம் என்று அக்கா சொல்கிறார்கள். இருந்துவிட்டு வா.

சன்னதியில் பத்தும் நான்தான் படிக்கப் போகிறேன், உன் பாட்டையும் என் வாயால். பத்தாவது தாய் என்று முடிந்ததும், அந்தாதி மண்டலித்து முழு வட்டமானது தெரிய, முதல் பாட்டின் முதல் சொல்லை ஒரு தரம் திருப்பிச் சொல்லி முடிப்பது வழக்கம். அதை மட்டும் சொல்ல மாட்டேன். தாய் என்று முடித்துவிட்டுச் சும்மா நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

தாயே என்று எடுத்தவன் நீ. வெளியே வந்த அன்று வீரபாண்டிக்குப் போய், அந்த ஒரு சொல்லை நீயே சொல்லு.

யுவராணி